பஞ்சு ஒட்டாத முகம்

மதுரையில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் காலை ஏழு மணி ஷிப்டுக்கு வரும் ஆண்கள் எல்லோரும் முதலில் மேனேஜர் மேடத்தின் மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். மேசையில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் பஞ்சு இருக்கும். அதில் கொஞ்சம் கிள்ளி, கன்னத்தில் கீழிருந்து மேலாக, பிறகு தாடைக்கு அடியில், பிறகு கழுத்தில் நாமே தடவிக் காட்ட வேண்டும். நார் எங்கேயாவது ஒட்டினால் மேடம் ஒன்றும் பேச மாட்டார். விரலால் லாக்கர் ரூம் இருக்கும் திசையைக் காட்டுவார். போய் மறுபடி மழித்துவிட்டு வர வேண்டும். வெட்டுக்காயம் இருந்தாலும், வெள்ளைக் காலரில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தாலும் அன்றைக்கு ரிசப்ஷன் பக்கம் நிற்கக் கூடாது. பின்கழுத்தில் முடி ஒரே கோடாக நிற்க வேண்டும், காலரைத் தொடக் கூடாது.

முதல் நாள் இதைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவி எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு என் கன்னத்தில் என்ன ஆராய்ச்சி? ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதற்கு முன்னால் இருந்த செல்போன் கடை வேலையை வாயைத் திறந்துதான் தொலைத்திருந்தேன். அதற்கும் முந்தைய வேலையும் அப்படித்தான் போனது. எனக்குக் கோபம் வந்தால் முதலில் வருவது ராஜினாமா. இந்த வேலை ஆறு மாதம் தற்காலிகம், அதற்குப் பிறகு நிரந்தரம் என்று சொல்லித்தான் எடுத்திருந்தார்கள். வீட்டில் மனைவிக்கு அப்போது மூன்றாவது மாதம். இதையாவது விட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஞ்சைக் கையில் எடுத்தேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக் கூடாது. பிள்ளை பிறக்கிற வரைக்கும் தாடியை அப்படியே விட்டுவிடுவார்கள். வாடிப்பட்டியில் எங்கள் தெருவில் எவனாவது தாடியோடு நடந்து போனால், "என்னப்பா, எத்தனாவது மாசம்?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. முந்தைய வருஷம் அவள் முதல் முறை மாசமானபோது நான் தாடி வளர்க்கவில்லை. செல்போன் கடைக்கு நன்றாக மழித்துக்கொண்டுதான் போனேன். மூன்றாம் மாதக் கடைசியில் அது கலைந்துவிட்டது.

டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். இது நிறையப் பேருக்கு நடப்பதுதான், யாரும் எதுவும் செய்ததால் அல்ல, செய்யாமல் விட்டதாலும் அல்ல என்றார். இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு வந்தோம். ஆனால் துக்கம் கேட்க வந்த அவளுடைய சித்தி ஒருத்தி காபியைக் குடித்து முடித்துவிட்டு என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தாள். "மாப்ள மொகம் பளபளன்னுதான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதை நான் மறக்கவில்லை. என் மனைவி மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

இரண்டாவது முறை உறுதியாகி, இந்த ஹோட்டல் வேலையும் கிடைத்ததும் அவள் என்னிடம் வந்தாள். சண்டை போடுகிற முகமாக இல்லை, கெஞ்சுகிற முகமாகவும் இல்லை.

"டாக்டரம்மா சொன்னதுதான் சரி, எனக்கும் தெரியும். ஆனாலும் இந்தவாட்டி கத்தி வைக்காதீங்க. எனக்காக."

"புது வேலையில தாடியோட போய் நிக்க முடியாது, தெரியும்ல?"

"மெஷின் வாங்கிக்கிருங்க. மெஷினு கத்தி இல்லைல்ல?"

அவள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். டவுனுக்குப் போய் சார்ஜ் போடுகிற சேவிங் மெஷின் ஒன்றை இரண்டு பேருமாகப் பார்த்து வாங்கினோம். முன்னால் சல்லடை மாதிரி மெல்லிய தகடு, உள்ளே ஓடுகிற வெட்டி, பின்னால் தள்ளினால் வெளியே வருகிற சின்ன ட்ரிம்மர். தகட்டுப் பக்கத்தால் மழித்தால் வெட்டுப்பட்ட முடியெல்லாம் தூளாகி உள்ளே ஒரு சின்னக் கிண்ணத்தில் சேரும். அதைத் திறந்து தட்டி, கூடவே வந்த பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். துடைக்கிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். என் பொருள் எதையும் நான் துடைத்து வைத்து அவள் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் நேர்மையாக மெஷினில்தான் மழித்தேன். விடியற்காலை வீட்டில் நேரம் இருக்காது. ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான் அரப்பாளையத்தில் இறங்கி டவுன் பஸ் மாறி ஏழுக்குள் போக முடியும். அதனால் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு போய் லாக்கர் ரூமில் மழித்தேன். கன்னம் சுமாராக வந்தது. முகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கொஞ்சம் பவுடர் தட்டிக்கொண்டால் தகடு வழுக்கி ஓடும், முடி வளரும் திசைக்கு எதிராக ஓட்ட வேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொண்டேன். ஆனால் கழுத்து மசியவில்லை. என் கழுத்தில் முடி தோலோடு ஒட்டிப் படுத்திருக்கும். படுத்த முடி தகட்டின் ஓட்டைக்குள் நுழையாது. நுழையவில்லை என்று நான் அழுத்தினேன். அழுத்தினால் முடி வரவில்லை, தோல்தான் சிவந்தது. இரண்டாவது வாரக் கடைசியில் கழுத்து முழுக்க வேர்க்குரு மாதிரிப் பொரிந்து, அதன் நடுவில் முடியும் அப்படியே நின்றது.

பஞ்சு ஒட்டியது. மறுநாளும் ஒட்டியது. மூன்றாவது முறை மேடம் விரலைக் காட்டவில்லை.

"இதோட மூணு தடவை ஆச்சு. இன்னொரு தடவை ஒட்டுச்சுன்னா உங்க பேரை கன்பர்மேஷன் லிஸ்ட்ல நான் எழுத மாட்டேன். பர்சனலா எடுத்துக்காதீங்க."

பர்சனலாக எடுத்துக்கொள்ளாமல் என் முகத்தை வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்க நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

லாக்கர் ரூமில் ரூம் சர்வீஸ் பையன் ஒருவன் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். பையன் என்றாலும் என்னைவிட இரண்டு வயதுதான் இளையவன், கல்யாணம் ஆகாதவன், முகம் எப்போதும் கழுவி வைத்த பீங்கான் தட்டு மாதிரி இருக்கும். என் கழுத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"மாப்ள, இது மெஷினுக்கு ஆகற கழுத்து இல்ல. ரேசர எடு."

"எடுக்க முடியாதுடா. வீட்டுல..."

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அவன் வேதக்காரன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், அவர்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லை. ஆனாலும் நம்பிக்கை என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே ஒரு வழி சொன்னான்.

"இங்கயே சேவ் பண்ணு. இங்கயே வச்சுட்டுப் போ. வெட்டு விழாமப் பாத்துக்க. வெட்டு விழுகலேன்னா தங்கச்சிக்கு எப்புடித் தெரியும்?"

அந்தக் கேள்வியையே நியாயமாக எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் பழைய மாதிரி ரேசர் ஒன்று வாங்கினேன், ஒற்றைப் பிளேடு போட்டுத் திருகுகிற வகை. மூன்று நான்கு பிளேடு அடுக்கியது வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தான். அது முடியை இழுத்துத் தோலுக்கு அடியிலேயே வெட்டிவிடும், பிறகு அந்த முடி வெளியே வரத் தெரியாமல் உள்ளேயே சுருண்டு கொப்புளமாகும், உன் கழுத்துக்கு அது ஆகாது என்றான். பிரஷ், கிரீம், ஒரு கட்டி படிகாரம் எல்லாம் லாக்கரில் ஷூவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தன.

திருட்டுத்தனமாகச் செய்கிற வேலையை ஒருவன் எவ்வளவு ஒழுங்காகச் செய்வான் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். முப்பது வயது வரை ஏனோதானோவென்று மழித்தவன் நான். வெட்டு விழும், செய்தித்தாளைக் கிழித்து ஒட்டிக்கொண்டு சட்டையைப் போடுவேன். இப்போது ஒரு கீறல் விழுந்தால் வீட்டில் மாட்டிக்கொள்வேன், முடி நின்றால் ஹோட்டலில் மாட்டிக்கொள்வேன்.

முதலில் அவன் சொன்னபடி வார லீவான புதன்கிழமை முழுக்க மழிக்காமல் முடியை வளரவிட்டு, ராத்திரி விரலால் தடவிப் பார்த்தேன். விரல் வழுக்கிப் போகிற பக்கம் முடி படுத்திருக்கும் பக்கம். சொரசொரவென்று தடுக்கிற பக்கம் எதிர்ப்பக்கம். கன்னத்தில் முடி கீழே பார்த்து வளர்ந்தது. தாடை மூலையில் காதுப் பக்கம் சாய்ந்தது. வலது கழுத்தில் கீழே போனது. இடது கழுத்தில் தொண்டை எலும்புக்குக் கீழே மட்டும் மேல்நோக்கி வளர்ந்திருந்தது. அத்தனை வருஷமும் அந்த இடத்தில் மேலிருந்து கீழே, முடிக்கு நேர் எதிராக இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எரிச்சலும் கொப்புளமும் எப்போதும் அங்கேதான் வந்தன. என் கழுத்தைப் பற்றி எனக்கே தெரியாமல் இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

பிறகு தினமும் ஒரே வரிசைதான். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து முகத்திலும் கழுத்திலும் இரண்டு நிமிடம் போட வேண்டும். அவசரப்பட்டு இதை விட்டால் மற்ற எதைச் செய்தும் பிரயோஜனம் இல்லை, முடி கம்பியாக நிற்கும். பிரஷ்ஷால் நுரையைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் படுத்த முடி எழுந்து நிற்கும். ரேசரைத் தட்டையாகவும் வைக்காமல் நிமிர்த்தியும் வைக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, அதன் கனத்துக்கே விட்டு, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக இறக்க வேண்டும். கை அழுத்தவே கூடாது. எனக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான். கோபக்காரன் கை தானாக அழுத்தும். மேடத்தை நினைத்துக்கொண்டு மழித்த நாளெல்லாம் தோல் சிவந்தது.

முதல் சுற்று முடி போகிற திசையிலேயே. பிறகு மறுபடி நுரை. நுரை இல்லாத இடத்தில் ஒரு இழுப்புக்கூடக் கூடாது, வெட்டு விழுவது பெரும்பாலும் "இந்த ஒரு முடிதானே" என்று காய்ந்த இடத்தில் இழுக்கும்போதுதான். இரண்டாவது சுற்று குறுக்கே. கன்னத்துக்கு மட்டும் மூன்றாவது சுற்று எதிர்த் திசையில். கழுத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தொண்டை எலும்பின் மேல் நேராக ஓட்டக் கூடாது. தோலைப் பக்கவாட்டில் இழுத்து எலும்பை விட்டு நகர்த்தி, சமமான இடத்தில் வைத்து மழித்துவிட்டுப் பிறகு விட வேண்டும். கடைசியில் குளிர்ந்த தண்ணீர், ஈரமான படிகாரம். படிகாரம் எங்கே சுருக்கென்று எரிகிறதோ அங்கே இன்றைக்கு அதிகம் அழுத்தியிருக்கிறாய் என்று அர்த்தம். நாளைக்கு அங்கே கை இலேசாக இருக்க வேண்டும். நாலைந்து தடவைக்கு ஒரு முறை பிளேடை மாற்றினேன். ஒரு மாதத்தில் படிகாரம் எங்கேயும் எரியவில்லை. டப்பாவிலிருந்து கிள்ளிய பஞ்சு ஒரு நார்கூட ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு மேலே போனது. மேடம் தலையை நிமிர்த்திப் பார்த்து, "குட்" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டில் பின்கழுத்து மட்டும் அவள் பொறுப்பு. புதன்கிழமை தோறும் கொல்லைப் பக்கம் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்து மெஷினின் ட்ரிம்மரால் கோடு போடுவாள். முதல் தடவை இடது பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது என்று வலது பக்கத்தை ஏற்றி, வலது ஏறிவிட்டது என்று இடதை ஏற்றி, கோடு காது வரை போய்விட்டது. ஒரு வாரம் ஹோட்டலில் எல்லோரும் என் பின்னாலேயே நடந்து சிரித்தார்கள். அதற்கப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முடி தானாக முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் கண்மையால் ஒவ்வொரு புள்ளி வைப்பாள். நடுவில் நூலைப் பிடித்துப் பார்ப்பாள். ட்ரிம்மரைத் தலைகீழாகப் பிடித்து நூலுக்குக் கீழே மட்டும் ஓட்டுவாள். கத்தி வைத்துச் செதுக்கியது மாதிரி கோடு நிற்கும். முடித்ததும் ஊதிவிட்டு, மெஷினை எடுத்துப் போய்த் துடைத்து வைப்பாள்.

அந்த மாதங்களில்தான் அவளுக்கு மல்லிகை ஒத்துக்கொள்ளாமல் போனது. வேலை முடிந்து வரும் வழியில் சிம்மக்கல்லில் தினமும் ஒரு முழம் வாங்கிப் போவது என் வழக்கம். கல்யாணம் ஆன நாளிலிருந்து பூ இல்லாமல் அவள் விளக்கேற்றி நான் பார்த்ததில்லை. ஒரு நாள் நீட்டியபோது கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"வேணாங்க. வாசனைக்கு வயித்தப் பெரட்டுது. சாமி படத்துக்குப் போட்டுருங்க."

"மதுரக்காரிக்கு மல்லி ஒத்துக்கலையா? வெளிய சொல்லாத, ஊரை விட்டுத் தள்ளி வச்சுருவாய்ங்க."

அவள் சிரித்தாள். மாசமானவர்களுக்கு வாசனை ஒத்துக்கொள்ளாதது சகஜம் என்று எல்லோரும் சொன்னார்கள். தலை வெறுமையாக இருக்கக் கூடாது என்று வாசனை இல்லாத கனகாம்பரத்தைத் துளி செருகிக்கொள்வாள். நானும் பூ வாங்குவதை நிறுத்திவிட்டேன். பஸ் பிடிக்கிற அவசரத்தில் ஒரு வேலை குறைந்தது என்றுதான் தோன்றியது.

ஒரே ஒரு நாள் சறுக்கினேன். அவளுக்கு ஆறாவது மாதம். பஸ் தாமதமாகி, துண்டு போட நேரமில்லாமல் அவசரமாக மழித்தபோது தாடை ஓரத்தில் மெல்லிய கோடாக வெட்டு விழுந்தது. படிகாரத்தை அழுத்தி ரத்தத்தை நிறுத்தினேன். அன்று என்னைப் பின்பக்கம் லக்கேஜ் ரூமில் போட்டார்கள், அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பகல் முழுக்க மாலையில் வீட்டில் என்ன சொல்வது என்றுதான் ஒத்திகை பார்த்தேன். ரேசர் வெட்டு மெஷின் கீறல் மாதிரி இருக்காது. நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும், யார் பார்த்தாலும் தெரியும்.

செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"என்னங்க அது?"

"நகம் கீறிருச்சு. தூக்கக் கலக்கத்துல."

பக்கத்தில் வந்து தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் நகவெட்டியை எடுத்து வந்து என்னை உட்கார வைத்து, பத்து விரல் நகத்தையும் ஒட்ட வெட்டினாள். ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன். நிம்மதியாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது. அன்று ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை. நான் நம்பாத ஒன்றுக்காக நான் ஏன் பயப்படுகிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் பயம் பிள்ளையைப் பற்றி இல்லை. ஏதாவது ஆகிவிட்டால், அதற்குக் காரணம் என் முகம்தான் என்று வாழ்நாள் முழுக்க அவள் நினைப்பாளே, அந்தப் பயம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவளை டி. கல்லுப்பட்டியில் அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வளைகாப்பு அன்று பெண்கள் கூடி அவள் தலையில் ஏகப்பட்ட பூ வைத்தார்கள். ஆரத்தி எடுத்து முடிந்த ஐந்தாவது நிமிடம் மல்லியை மட்டும் தனியாக உருவி எடுத்து வைத்துவிட்டாள். வாசனை என்றாள். என் மாமியாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். புதன்கிழமைகளில் நான் கல்லுப்பட்டிக்குப் போவேன். மெஷினையும் மறக்காமல் பையில் போட்டுக்கொண்டு போவேன். வாசலில் வேப்பமர நிழலில் ஸ்டூல், கண்மை, நூல். வயிறு இடிக்காமல் ஒருக்களித்து நின்றுகொண்டு கோடு போடுவாள். அந்த ஆறு மாதம் முடிந்து மேடம் என் பேரை எழுதினார், வேலை நிரந்தரமானது. அதற்குக் கொஞ்ச நாளில் பெண் குழந்தை பிறந்தது. அம்மாவும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என் மாமியார் என் கன்னத்தைப் பார்த்து, "இனிமே மாப்ள தாராளமா கத்தியிலயே சேவிங் பண்ணிக்கிடலாம்" என்றார். கட்டிலில் படுத்திருந்த அவள் கூரையைப் பார்த்தாள். நான் பிள்ளையின் துணியைச் சரிசெய்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனி எதற்குச் சொல்ல வேண்டும்? மறுநாளே லாக்கரிலிருந்து ரேசரை எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். புதிதாக வாங்கியது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம்.

முப்பதாம் நாள் தொட்டில் போடுவதாக இருந்தது. காலையிலேயே கல்லுப்பட்டி போய்விட்டேன். சொந்தக்காரர்கள் வர இன்னும் நேரம் இருந்தது. அவள் தலைக்குக் குளித்து முடியைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். என் பின்கழுத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். அந்த ஒரு மாதம் சலூனில்தான் கோடு போட்டிருந்தேன்.

"யாரு போட்டா இது? கோணலா இருக்கு. உக்காருங்க."

பையிலிருந்த மெஷினை எடுத்துக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கண்மையின் குளிர்ச்சி கழுத்தில் இரண்டு இடத்தில் பட்டது. மெஷின் ஓட ஆரம்பித்தது. எனக்கு எதிரே சுவர், அவள் முகம் தெரியவில்லை.

"ஏங்க, இந்த மெஷின என்னைக்காச்சும் தெறந்து பாத்துருக்கீங்களா?"

"நீதானே தொடைப்ப."

"நான்தான் தொடைப்பேன்." ட்ரிம்மர் இடமிருந்து வலமாக ஒரு முறை போய் வந்தது. "மொத ரெண்டு வாரம் கிண்ணம் நெறையத் தூளு இருந்துச்சு. மூணாவது வாரம் தொறக்கேன், சுத்தமா இருக்கு. பவுடர் வாசனைகூட இல்ல. சரி, அவரே தொடைச்சுட்டாரு போலன்னு நெனச்சேன். அப்பறம் யோசிச்சேன். நீங்க என்னைக்கு எதத் தொடைச்சீங்க?"

என் தலை தானாகப் பின்னால் திரும்பியது. வெந்நீர், நுரை, பிளேடு, படிகாரம், சாய்வு, திசை என்று ஐந்தரை மாதம் முகத்தில் ஒரு தடயம் இல்லாமல் பார்த்துக்கொண்டவன், அந்த மெஷினைக் கொஞ்சம் அழுக்காக்க மறந்திருக்கிறேன்.

"தலைய ஆட்டாதீங்க, கோடு போயிரும்."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா என்ன பண்ணுவீங்க? கோவத்துல போய் வேலைய விட்டுட்டு வந்து நிப்பீங்க. ஏற்கனவே ரெண்டு விட்டாச்சு." நூலைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். "நகம் கீறிருச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்குத்தான் சிரிப்பு வந்துச்சு. அழுகையும் வந்துச்சு."

"நீ நம்புறியா, கத்தி பட்டா..."

"நம்புறேனா இல்லையான்னு எனக்கே தெரியலைங்க. ஆனா யாராச்சும் ஒருத்தர் எதையாச்சும் விட்டுருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும் போல இருந்துச்சு. நீங்க விட முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் நான் விட்டேன்."

"நீ என்னத்த விட்ட?"

மெஷினை அணைத்தாள். கழுத்தில் ஊதினாள். எப்போதும்போல முடித்துவிட்டு முன்னால் வந்து, ஈரத் தலையை ஒரு பக்கம் சாய்த்துத் துண்டால் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"போய் மல்லி வாங்கிட்டு வாங்க. வேற யாரும் வாங்கிட்டு வர்றதுக்கு முன்னாடி, நீங்க வாங்கிட்டு வாங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. மல்லிகை வாசனை அவளுக்கு ஒரு நாளும் வயிற்றைப் புரட்டவில்லை. நான் மூன்று சுற்று மழித்து, பஞ்சு வழுக்கிப் போவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் அவள் வெறும் கனகாம்பரத்தோடு இருந்திருக்கிறாள். அதை வைத்து நான் கிண்டல் வேறு செய்திருக்கிறேன். ஸ்டூலிலிருந்து எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். தெருமுனை வரை வந்த பிறகுதான் கண்ணைத் துடைத்தேன்.

பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் ஒரு அக்கா பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தது. ஈரத்துணியை விலக்கி, கட்டிய சரத்தை எடுத்து முழங்கையில் வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தது.

"எம்புட்டு முழம் தம்பி?"

ஐந்தரை மாதத்துக்கு எம்புட்டு முழம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த அக்கா என்ன நினைத்ததோ, அளக்கத் தொடங்கிவிட்டது. நாலாவது முழத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தது.

"போதுமா?"

"இன்னும் அளங்கக்கா" என்றேன்.